லாக் என்றால் ஒரு கேள்வி: பிளஸ் ஒன் பெற்றோருக்கு ஒரு கணக்கு டீச்சரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் வைத்த வகுப்புத் தேர்வின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது. தாளில் ஒரு சின்னக் கணக்கு கொடுத்திருந்தேன். log 8-ஐ log 2-ஆல் வகுத்தால் என்ன வரும்? விடை 3. நிறையப் பேர் 4 என்று எழுதியிருந்தார்கள். சிலர் log 4 என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் அந்தப் பிள்ளைகளையே கூப்பிட்டு வாய்மொழியாக வேறு மாதிரி கேட்டேன். "1-இல் ஆரம்பித்து எத்தனை தடவை இரட்டிப்பாக்கினால் 8 வரும்?" உடனே பதில் வந்தது: "மூணு தடவை, டீச்சர்." அதாவது கணக்கு அவர்களுக்குத் தெரிகிறது. தாளில் எழுதியிருப்பது அந்தக் கணக்குதான் என்பதுதான் தெரியவில்லை. உங்களில் சிலர் என்னிடம் "லாக் டேபிள் பார்க்கவே தெரியலையே, டியூஷன் வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டேபிளுக்கு முன்னால் சரி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு பழைய தடித்தாளும் ஸ்கேலும் போதும்.

முதலில் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கூட்டலுக்கு எதிர்ச்செயல் கழித்தல். பெருக்கலுக்கு எதிர்ச்செயல் வகுத்தல். ஒன்றுக்கு ஒன்று என்று பிள்ளைகள் இத்தனை வருடம் பழகிவிட்டார்கள். அடுக்குக்கு வரும்போதுதான் இது மாறுகிறது. 3 + 5 என்றாலும் 5 + 3 என்றாலும் ஒன்றுதான். ஆனால் 2⁵ என்பது 32, 5² என்பது 25. இரண்டு எண்களும் இடம் மாற முடியாததால் எதிர்க்கேள்வியும் இரண்டாகிவிடுகிறது. "எந்த எண்ணை அடுக்கு 5-க்கு உயர்த்தினால் 32 வரும்?" என்று கேட்டால் அது மூலம். "2-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 32 வரும்?" என்று கேட்டால் அது மடக்கை, அதாவது லாக். வர்க்கமூலத்தைப் பிள்ளைகள் முன்பே பார்த்திருக்கிறார்கள். அடுக்குக்கு இன்னொரு எதிர்ச்செயலும் உண்டு என்று யாரும் அவர்களை எச்சரித்திருக்க மாட்டார்கள். நான்கூட முதல் சில வருடங்கள் இதைச் சொல்லாமல் நேராக வரையறைக்குப் போயிருக்கிறேன்.

இரண்டாவது தொல்லை எழுத்தில். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே உட்காரும் குறி இருக்கிறது. லாகுக்கு அப்படி இல்லை, l, o, g என்று மூன்று எழுத்து. இயற்கணிதத்தில் எழுத்து என்றால் ஓர் எண் என்று பழகிய பிள்ளை, log 8 என்பதை "log பெருக்கல் 8" என்று படித்துவிடுகிறது. அப்புறம் மேலேயும் கீழேயும் log இருக்கிறதே என்று இரண்டையும் அடித்துவிட்டு 8-ஐ 2-ஆல் வகுத்து 4 என்கிறது. வகுப்பில் நான் இப்படிக் கேட்டேன்: அப்பாவின் வயதை மகனின் வயதால் வகுக்கச் சொன்னால், இரண்டிலும் "வயது" இருக்கிறது என்று அதை அடித்துவிட்டு அப்பாவை மகனால் வகுப்பீர்களா? சிரித்தார்கள். log என்பது அந்த "வயது" மாதிரி. அது தனியாக ஓர் எண் இல்லை, பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பற்றிய ஒரு கேள்வி.

அதனால் வீட்டில் முதல் வேலை, வாய்விட்டுப் படிக்கச் செய்வது. log₂ 32 என்று இருந்தால் "லாக் முப்பத்திரண்டு பேஸ் ரெண்டு" என்று படித்துவிட்டு நகர விடாதீர்கள். "1-இல் ஆரம்பித்து எத்தனை தடவை 2-ஆல் பெருக்கினால் 32?" என்று முழுக் கேள்வியாகப் படிக்கட்டும். கீழே சின்னதாக எழுதியிருக்கும் 2-தான் அடிமானம். log₃ 81 என்றால் 3-ஆல் பெருக்க வேண்டும், விடை 4. உங்களுக்குக் கணக்கு மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை கேள்வியாகப் படிக்கிறதா என்று காதில் வாங்கினால் போதும்.

"1-இல் ஆரம்பித்து" என்று நான் வலியச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. log₂ 1 எவ்வளவு என்று கேட்டால் 1 என்றுதான் பலர் எழுதுகிறார்கள். 1-இல் ஆரம்பித்து 1-க்கு வர எத்தனை தடவை இரட்டிப்பாக்க வேண்டும்? ஒரு தடவையும் வேண்டாம். ஆகவே 0. அரை வேண்டுமென்றால் ஒரு தடவை பாதியாக்க வேண்டும், அது திரும்பி நடப்பது, ஆகவே −1. பூஜ்யத்துக்கு வர எத்தனை தடவை பாதியாக்க வேண்டும்? எத்தனை தடவை பாதியாக்கினாலும் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும், பூஜ்யம் வராது. அதனால்தான் log 0-க்கு மதிப்பு இல்லை. குறை எண்ணின் பக்கமோ எட்டியே பார்க்க முடியாது. இவற்றைத் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்த பிள்ளைதான் தேர்வில் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுகிறது.

இனி அந்தத் தடித்தாள். ஏ4 அளவுத் தடித்தாளை நீளவாக்கில் வெட்டி, ஒரே மாதிரி இரண்டு பட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் மூன்று சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒரு பட்டையின் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு அதில் 1 என்று எழுதுங்கள். அங்கிருந்து சரியாக 20 செ.மீ. தள்ளி ஒரு கோடு போட்டு 10 என்று எழுதுங்கள். நம் பட்டையில் 20 செ.மீ. நடந்தால் பத்தால் பெருக்கியதாக அர்த்தம். பட்டை நீண்டிருந்தால் 40 செ.மீ.-இல் 100 வரும், 60-இல் 1000 வரும். இங்கே அடிமானம் 10. பள்ளியில் டேபிளில் பார்க்கும் லாகும் இதுதான்.

இப்போது 2 எங்கே வரும்? நடுவில் 10 செ.மீ.-இல் இருக்கும் என்று ஊகிக்கும் பிள்ளைகள் உண்டு. சிலர் சாதாரண ஸ்கேல் மாதிரி சம இடைவெளியில் எண்களை வைத்துவிடுவார்கள். விட்டுவிடுங்கள், ஊகம் தப்பானால்தான் அடுத்த படி மனதில் நிற்கும். ஒரு காகிதத்தில் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். 16, 32, 64, 128, 256, 512, பத்தாவது தடவையில் 1024. இது ஏறக்குறைய 1000. ஆயிரம் 60 செ.மீ.-இல் இருக்கிறது. அங்கே போக 2-ஆல் பத்து தடவை பெருக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தூரம். ஆகவே 2-க்கான தூரம் 60-இல் பத்தில் ஒரு பங்கு, 6 செ.மீ. அங்கே ஒரு கோடு போட்டு 2 என்று எழுதலாம்.

6 செ.மீ. கிடைத்த உடனே இன்னும் மூன்று எண்கள் தாமாக வந்துவிடும். 4 என்பது 2 பெருக்கல் 2, ஆகவே 12 செ.மீ. 8 என்பது 18 செ.மீ. 5 என்பது 10-ஐ 2-ஆல் வகுத்தது, ஆகவே 20-இலிருந்து 6 பின்னால் வர வேண்டும், 14 செ.மீ. இந்த 5-ஐப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை சொல்லிக் கொடுக்காதீர்கள். பெருக்கினால் முன்னே நட, வகுத்தால் பின்னே நட என்பது கைக்கு வருகிற இடம் அதுதான்.

3-க்கு ஒரு சின்ன உபாயம் வேண்டும். 3-ஐ நான்கு தடவை பெருக்கினால் 81. அது 80-க்கு மிக அருகில் இருக்கிறது. 80 எங்கே? 10-க்கு 20 செ.மீ., 8-க்கு 18, இரண்டையும் சேர்த்து 38. நான்கால் வகுத்தால் 9.5 செ.மீ. 3 கிடைத்தால் 6-ம் 9-ம் கிடைத்த மாதிரிதான்: 15.5, 19. மிச்சம் இருப்பது 7. இதற்கான வழியைச் சொல்லாமல் விடுகிறேன். 7 × 7 என்பது எந்த நல்ல எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். வந்த விடைக்கும் சரியான இடத்துக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் இருக்க வேண்டும்.

இரண்டாவது பட்டையிலும் இதே கோடுகளைப் போட்டுவிடுங்கள். இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, கீழ்ப் பட்டையின் 1-ஐ மேல்ப் பட்டையின் 2-க்கு நேராக நகர்த்துங்கள். கீழே இருக்கும் 3-க்கு நேர் மேலே பாருங்கள், 6 இருக்கும். கீழே 4-க்கு நேர் மேலே 8. பெருக்கல் செய்ய இரண்டு நீளங்களைக் கூட்டினோம், அவ்வளவுதான். log (2 × 3) = log 2 + log 3 என்ற விதி இதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கால்குலேட்டர் வருவதற்கு முன்பு பொறியாளர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த ஸ்லைட் ரூல் இதே கருவிதான், கோடுகள் மட்டும் நெருக்கமாக இருக்கும். உங்கள் வீட்டுத் தாத்தா யாராவது அந்தக் காலத்தில் பொறியியல் படித்திருந்தால் கேட்டுப் பாருங்கள், பரணில் ஒன்று கிடக்கலாம்.

பட்டை கையில் இருக்கும்போது தேர்வில் செய்த தப்புகளுக்கு வருவோம். log 2 + log 3 என்பதை log 5 என்று எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பட்டையில் 6 செ.மீ.-உம் 9.5 செ.மீ.-உம் சேர்ந்தால் 15.5. அங்கே எழுதியிருப்பது 6. 5 இருப்பது 14-இல். பிள்ளையே தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டால் அந்தத் தப்பு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. சரி, log (2 + 3)-க்கு என்ன விதி என்று கேட்டால், விதியே இல்லை. கூட்டி 5 ஆக்கிவிட்டு log 5 பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து, நான் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு. log 8-ஐ log 2-ஆல் வகுப்பது என்றால் 18 செ.மீ. நீளத்தில் 6 செ.மீ. நீளம் எத்தனை தடவை அடங்கும் என்று அர்த்தம். மூன்று தடவை. log 8-இலிருந்து log 2-ஐக் கழிப்பது வேறு சங்கதி. அது 18-இலிருந்து 6 பின்னே வருவது, 12-இல் நிற்கிறோம், அங்கே 4 இருக்கிறது. ஆகவே கழித்தலின் விடை log 4. வகுத்தலின் விடை 3. log 4 என்று எழுதிய பிள்ளைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியவர்கள். 4 என்று எழுதியவர்கள் log-ஐ அடித்தவர்கள். உங்கள் பிள்ளையின் தாளை வாங்கிப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும், அதற்கு ஏற்றபடி பட்டையில் காட்டலாம்.

பட்டையை ஒரு வாரம் பழகிய பிறகு டேபிளை எடுங்கள். நம் சென்டிமீட்டரை 20-ஆல் வகுத்தால் டேபிளில் இருக்கும் எண் வந்துவிடும். 2-க்கு 6 செ.மீ., வகுத்தால் 0.3. டேபிளில் 0.3010 என்று இருக்கிறது. 3-க்கு நமக்கு 0.475 வரும், டேபிளில் 0.4771. ஒரு தடித்தாளும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது பெரிய காரியம் என்றுதான் நான் சொல்வேன்.

டேபிளில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். log 200 எவ்வளவு? இரண்டு முழுப் பட்டை, அப்புறம் 6 செ.மீ. ஆகவே 2.3010. இது எல்லாருக்கும் வந்துவிடும். log 0.002 எவ்வளவு? 0.002 என்பது 2-ஐ ஆயிரத்தால் வகுத்தது. ஆகவே 1-இலிருந்து இடது பக்கம் மூன்று முழுப் பட்டை பின்னே போய், அங்கிருந்து 6 செ.மீ. வலது பக்கம் வர வேண்டும். இதைத்தான் 3-இன் தலையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் .3010 என்று எழுதி, "மூணு பார்" என்கிறார்கள். தலையில் இருக்கும் கோடு 3-க்கு மட்டும் சொந்தம், தசமப் பகுதிக்கு இல்லை. பிள்ளைகள் இதை −3.3010 என்று எழுதிவிடுகிறார்கள். அது மூன்று பட்டை பின்னே போய், இன்னும் 6 செ.மீ. பின்னே போவது. உண்மையில் நிற்கும் இடம் −3 + 0.3010, அதாவது −2.6990. கணக்கில் இந்தத் தப்பு ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும், வேதியியலில் விடையே மாறும். ஹைட்ரஜன் அயனிச் செறிவின் லாகைக் குறி மாற்றி எழுதினால் அதுதான் பிஎச். அந்தச் செறிவு லிட்டருக்கு 0.002 மோல் என்றால் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 2.7. பாரைத் தப்பாகப் படித்த பிள்ளை 3.3 என்று எழுதும். விடையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 0.002 என்பது 0.001-ஐவிடப் பெரியது. 0.001-க்கு பிஎச் 3. செறிவு கூடினால் பிஎச் குறைய வேண்டும். ஆகவே 3.3 வரவே முடியாது.

உங்களுக்குப் பழக்கமான ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டுவட்டியில் பணத்தைப் போட்டால் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும்? ஒவ்வொரு வருடமும் பணம் 1.08-ஆல் பெருகுகிறது. log 1.08 டேபிளில் 0.0334, நம் பட்டையில் 0.67 செ.மீ. அதாவது பணம் வருடத்துக்கு 0.67 செ.மீ. நடக்கிறது. 2 இருப்பது 6 செ.மீ. தூரத்தில். 6-ஐ 0.67-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 வருடம். நம்பிக்கை இல்லாவிட்டால் 1.08-ஐ ஒன்பது தடவை பெருக்கிப் பார்க்கலாம், 1.999 வரும். உங்கள் டெபாசிட் ரசீதில் இருக்கும் வட்டி விகிதத்தை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். இந்த 8 சதவீதக் கணக்கிலும் log 2-ஐ log 1.08-ஆல் வகுக்கத்தான் செய்தோம் என்பதை அது கவனிக்கிறதா என்று பாருங்கள். கவனித்தால் log-ஐ அடிக்கும் பழக்கம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் உட்கார வைத்தால் பட்டையும் இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும். இந்த முதல் வாரத்தில் போனில் இருக்கும் கால்குலேட்டரை எடுக்க வேண்டாம். பின்னால் சரிபார்க்க எடுக்கலாம், ஆனால் ஒன்று கவனியுங்கள்: பெரும்பாலான கால்குலேட்டர்களில் log என்ற பொத்தானும் ln என்ற பொத்தானும் தனித்தனியாக இருக்கும். log அடிமானம் 10, ln வேறு ஓர் அடிமானம். 2-ஐ அடித்து ln-ஐத் தொட்டால் 0.693 வரும், உடனே பிள்ளை தன் பட்டை தப்பு என்று நினைத்துவிடும்.

"என் பிள்ளைக்குப் புரியவே மாட்டேங்குது" என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை 1614-இல் வெளியிட்டார். வானியலாளர்களின் பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றுவதுதான் அவர் நோக்கம். நாம் இன்று 2⁵ என்று எழுதுகிறோமே, அந்த எழுதும் முறை அப்போது நடைமுறையில் இல்லை. லண்டனில் இருந்த ஹென்றி பிரிக்ஸ் 1615-இல் அவரைத் தேடிப் போய்ப் பேசிய பிறகுதான் 10-ஐ வைத்த மடக்கை உருவாயிற்று. மடக்கை என்பது அடுக்கைக் கேட்கும் கேள்வி என்று நாம் முதல் நாளே பலகையில் எழுதும் வரையறை பாடமாக நிலைபெற, அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நேப்பியரும் இரண்டு கோடுகளில் நகரும் புள்ளிகளை வைத்துத்தான் யோசித்தார். நாம் பட்டையில் செய்வது அதற்கு வெகு தூரம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளைகள் தங்கள் இரண்டு பட்டைகளையும் கணக்கு நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவரட்டும். கோடுகள் கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை, நீங்கள் திருத்திக் கொடுக்க வேண்டாம். 7 எந்த இடத்தில் விழுந்தது, அதற்கு எப்படிப் போனார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் கணக்கு டீச்சர்